ஃபிக்மாவைத் திறப்பதற்கு முன்: முதன்மைப் பயனர் பாதையைத் தாளில் வரைதல்

செயலி வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களில் பலர் முதலில் வரைவது உள்நுழைவுத் திரையைத்தான். அது எல்லாச் செயலிகளிலும் பார்த்துப் பழகியது. ஃபிக்மா போன்ற மென்பொருள்களில் அதற்கு ஆயத்த வார்ப்புருக்களும் கிடைக்கின்றன. பொத்தானின் மூலை எவ்வளவு வளைந்திருக்க வேண்டும், பின்னணி நீலமா பச்சையா என்று பார்ப்பதிலேயே அரை நாள் போய்விடும். செயலியைப் பயன்படுத்த வருபவர் எதற்காக வருகிறார், எந்த இடத்தில் அவருக்குக் குழப்பம் வரும் என்ற கேள்வி அதுவரை எழவே எழாது. தாளும் பேனாவும் மட்டும் கையில் இருந்தால் வளைவையும் நிறத்தையும் பற்றி யோசிக்க வழியில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது ஒன்றுதான் மீதமிருக்கும்.

இந்தக் கட்டுரை ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்கிறது. ஒரு சிற்றூரில் உள்ள மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் இப்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். கடைக்காரர் விலையைச் சொல்கிறார், அவர்கள் பணம் அனுப்புகிறார்கள், கடைப் பையன் மருந்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் கடைக்காரருக்குத் தனியாக ஒரு செயலி வேண்டும். அதை வடிவமைக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது.

முதலில் ஒரு வாக்கியம்

எந்தக் கட்டத்தையும் வரைவதற்கு முன், யார், எந்த நிலையில், எதில் தொடங்கி எதில் முடிக்கிறார் என்பதை ஒரே வாக்கியமாகத் தாளின் உச்சியில் எழுதுங்கள். "பயனர் மருந்து வாங்குகிறார்" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. இந்த எடுத்துக்காட்டுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இன்னும் மூன்று நாளில் தீரப்போவதால், அலுவலக இடைவேளையில் கைப்பேசியை எடுக்கும் மகள், மருந்துச் சீட்டின் படத்தை அனுப்பி, விலையைத் தெரிந்துகொண்டு, பணம் கட்டி, நாளை மாலைக்குள் மருந்து அம்மாவின் வீட்டுக்குப் போய்விடும் என்ற உறுதியைப் பெறுகிறார்."

வாக்கியம் நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு முடிவுகள் இதிலேயே வந்துவிட்டன. பணம் கட்டுபவரும் மருந்து பெறுபவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதால், கைப்பேசி தானாகக் கண்டறியும் இருப்பிடத்தை முகவரியாக எடுத்துக்கொள்ள முடியாது. பாதை பணம் கட்டுவதோடு முடிவதும் இல்லை. மருந்து எப்போது, எங்கே போய்ச் சேரும் என்பதை மகள் கண்ணால் பார்க்கும் இடத்தில்தான் முடிகிறது.

கடைக்காரரிடம் கேட்டால், தள்ளுபடிப் பக்கம், பழைய ரசீதுகள், பல் துலக்கும் பசை விற்பனை என்று பலவற்றைச் சொல்வார். அவற்றைத் தாளின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி எதுவோ அதுதான் முதன்மைப் பாதை. அவருடைய அனுமதியோடு வாட்ஸ்ஆப்பில் உள்ள பழைய உரையாடல்களைச் சிறிது நேரம் படித்தாலே அது எது என்பது தெரிந்துவிடும். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், அவை பின்னால் திரையில் எழுத வேண்டிய சொற்களாக மாறும்.

சொற்களால் பாதை

அடுத்து, அந்த வாக்கியத்தைத் திரைகளாகப் பிரிக்க வேண்டும். படமாக வரைய வேண்டாம், ஒவ்வொரு வரியிலும் இடத்தின் பெயரையும் அங்கே பயனர் செய்யும் ஒரு செயலையும் மட்டும் எழுதுங்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படி வரும்:

1. முகப்பு: மருந்துச் சீட்டைப் படமெடுத்தல்
2. படம்: தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றல்
3. விவரம்: எத்தனை நாளைக்கு, எந்த முகவரிக்கு என்று சொல்லி அனுப்புதல்
4. விலைப்பட்டியல்: பார்த்து ஒப்புக்கொள்ளுதல்
5. பணம் கட்டுதல்
6. உறுதி: எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளுதல்

பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்தில், அந்த நேரத்தில் வேலை செய்வது யார் என்று எழுதுங்கள். முதல் மூன்று வரிகளில் மகள். நான்காவது வரியில் விலைப்பட்டியலைப் பார்ப்பவரும் மகள்தான், ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் கடைக்காரர். சீட்டில் உள்ள கையெழுத்தைப் படித்து, அலமாரியில் மருந்து இருக்கிறதா என்று பார்த்து, விலையை அவர் கணக்கிட வேண்டும். இந்தியாவில் இத்தகைய மாத்திரைகள் பலவும் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை என்பதால், ஓர் ஆள் அந்தச் சீட்டைப் பார்ப்பதைத் தவிர்க்க வழியில்லை. கடையில் கூட்டம் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, மாலை நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

ஆக, மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையில் ஒரு காத்திருப்பு இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் மகள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். எனவே "கடை சீட்டைப் பார்க்கிறது" என்ற ஒரு திரை நான்காவதாகச் சேர்கிறது. அதைவிட முக்கியமாக, இது ஒரே பாதை அல்ல, இரண்டு பாதைகள் என்பது இப்போது தெரிகிறது. முதல் பாதை முகப்பில் தொடங்கிக் காத்திருப்பில் முடிகிறது. இரண்டாவது பாதை ஓர் அறிவிப்பைத் தொடுவதில் தொடங்கி, முகப்பைத் தொடாமல் நேரே விலைப்பட்டியலுக்குப் போகிறது. திரைகள் ஏழாகிவிட்டன, விலைப்பட்டியல் ஐந்தாவது, பணம் ஆறாவது, உறுதி ஏழாவது.

மென்பொருளில் திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழகாக அடுக்கும்போது இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சட்டகங்களுக்கு இடையில் ஐந்து நிமிடம் போயிருக்கிறதா ஒரு மணி நேரம் போயிருக்கிறதா என்பதை எந்தச் சட்டகமும் காட்டாது. வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடங்களைத் தேடுவதுதான் இந்தப் படியின் நோக்கம். இதற்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

தாளும் பேனாவும்

சாதாரண ஏ4 தாள்கள், தடித்த முனை கொண்ட கறுப்புப் பேனா, இன்னொரு நிறத்தில் ஒரு பேனா, ஸ்டிக்கி நோட்டுகள், கத்தரிக்கோல் ஆகியவை போதும். மெல்லிய முனைப் பேனா எடுத்தால் கை தானாகவே நுணுக்கங்களுக்குப் போய்விடும். பென்சிலும் வேண்டாம், ஏனென்றால் அழிக்க முடியும் என்று தெரிந்தால் கோட்டைத் திருத்துவதில் நேரம் போகும். பிடிக்காவிட்டால் இன்னொரு கட்டத்தில் மீண்டும் வரைவதே விரைவு, பழையது ஒப்பிட்டுப் பார்க்கவும் இருக்கும். அளவுகோலும் தேவையில்லை.

இரண்டு வகைத் தாள்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் வகைக்கு, ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் சுமார் 7.4 செ.மீ. அகலமும் 10.5 செ.மீ. உயரமும் இருக்கும். இது கரட்டு வேலைக்கு. இரண்டாவது வகைக்கு, தாளைப் படுக்கை வாட்டில் வைத்து, உங்கள் கைப்பேசியை அதன்மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். இன்றைய கைப்பேசித் திரைகள் பலவும் ஏறத்தாழ 7 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்டவை என்பதால், ஒரு தாளில் மூன்று சட்டங்கள் பக்கம் பக்கமாக அமையும். கீழே குறிப்பு எழுத நாலைந்து செ.மீ. இடமும் மிஞ்சும். அந்தத் தாளைப் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் சட்டம் போட வேண்டியதில்லை.

உண்மை அளவில் வரைவதற்குக் காரணம் இருக்கிறது. 1996-இல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்பு நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, அதில் எழுதுவதுபோல் நடித்துப் பார்த்தார். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கையில் பிடித்துக் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவில் வரைந்தால்தான், ஒரு திரைக்குள் எவ்வளவு அடங்கும் என்பதில் ஏமாற்றம் இருக்காது.

கடினமான திரையை மட்டும் பலவிதமாக

மடித்த தாளில் எட்டு நிமிடத்தில் எட்டு யோசனைகளை வரையும் பயிற்சி ஒன்று கூகுள் வென்ச்சர்ஸ் குழுவின் முறையிலிருந்து பரவி, பல இடங்களில் கற்பிக்கப்படுகிறது. புதியவர் ஒவ்வொரு திரைக்கும் அதைச் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. படத்தைச் சரிபார்க்கும் திரையை எட்டு விதமாக வரைந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்தத் திரையில் பயனர் யோசித்து முடிவெடுக்க வேண்டுமோ அதை மட்டும் மூன்று நான்கு விதமாக வரைந்தால் போதும். நம் செயலியில் அது மூன்றாவது திரையும் ஐந்தாவது திரையும்தான்.

மூன்றாவது திரையை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு மருந்து வேண்டும் என்று அங்கே கேட்க வேண்டும். முதல் வடிவில் பெரும்பாலும் எல்லோரும் வரைவது, பொருளின் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறிகளோடு எண்ணிக்கைப் பெட்டி. மளிகைச் செயலிகளில் அதைப் பார்த்திருக்கிறோம். இப்போது சீட்டில் இருப்பதை அப்படியே அதில் எழுதிப் பாருங்கள். மெட்ஃபார்மின் 500 மி.கி., 1-0-1, அதாவது காலை ஒன்று, இரவு ஒன்று. அம்லோடிபின் 5 மி.கி., 1-0-0. ஒரு மாதத்துக்கு முதலாவது 60 மாத்திரை, இரண்டாவது 30 மாத்திரை. மாத்திரைகள் சில நிறுவனங்களில் பத்து கொண்ட அட்டையாகவும் சிலவற்றில் பதினைந்து கொண்ட அட்டையாகவும் வருகின்றன. அப்படியானால் மெட்ஃபார்மின் ஆறு அட்டையா நான்கு அட்டையா? அது கடைக்காரருக்குத்தான் தெரியும், மகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தவிர, இந்தக் கட்டத்தில் சீட்டு வெறும் படமாகத்தான் இருக்கிறது. அதில் என்னென்ன மருந்து இருக்கிறது என்பதே செயலிக்கு இன்னும் தெரியாது. எண்ணிக்கைப் பெட்டி வைப்பதற்குப் பொருளே திரையில் இல்லை.

இரண்டாவது வடிவில், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டு ஒரு வெற்றுப் பெட்டி. இது மகள் பேசும் முறைக்கு நெருக்கமானது, கடையில் நின்றாலும் "ஒரு மாசத்துக்குக் கொடுங்க" என்றுதான் கேட்பார். ஆனால் வெற்றுப் பெட்டி என்றால் விசைப்பலகை மேலே வர வேண்டும். மூன்றாவது வடிவில் 10 நாள், 15 நாள், 30 நாள் என்று மூன்று பொத்தான்கள், 30 முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்ட நிலையில். மாதக் கடைசியில் கையில் காசு குறைவாக இருப்பவர் பத்து நாளைக்கு வாங்கிக்கொள்ள இது வழிவிடுகிறது. அதை எழுதும்போதே இன்னொரு கேள்வி வருகிறது: பத்து நாளைக்கு மெட்ஃபார்மின் 20 மாத்திரை, பதினைந்து கொண்ட அட்டை என்றால் கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுப்பாரா? இது வரைந்து தீர்க்கும் விஷயம் அல்ல. ஸ்டிக்கி நோட்டில் எழுதிக் கட்டத்தின் மேல் ஒட்டி, கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் தரும் பதிலைப் பொறுத்து, ஐந்தாவது திரையில் "20 மாத்திரை" என்றோ "2 அட்டை, 30 மாத்திரை" என்றோ எழுத வேண்டியிருக்கும்.

வரைவதில் தேர்ச்சி இல்லையே என்று தயங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம்: மேலே சொன்ன மூன்று வடிவங்களிலும் செவ்வகமும் எழுத்தும் தவிர வேறொன்றும் இல்லை.

உண்மை அளவில், உண்மைச் சொற்களோடு

இனி ஏழு திரைகளையும் ஜெராக்ஸ் தாளில் வரையுங்கள். பெட்டி என்றால் பொத்தான், குறுக்கே இரண்டு கோடு போட்ட பெட்டி என்றால் படம் என்பது போன்ற எளிய வழக்கங்கள் போதும். எழுத்து வரும் இடத்தில் அலைக்கோடு போடுவது மட்டும் ஆபத்தானது. பயனர் படித்து முடிவெடுக்கும் எந்த இடத்திலும் உண்மையான சொற்களை எழுதுங்கள். விலைப்பட்டியலில் அலைக்கோடு போட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். "மெட்ஃபார்மின் 500 மி.கி. – 60 மாத்திரை" என்று எழுதிப் பார்த்தால்தான், ஒரே வரியில் விலையும் சேர்ந்து நிற்காது, விலை அடுத்த வரிக்கு இறங்க வேண்டும் என்பது தெரியும்.

தமிழில் திரைகள் அமையும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "மருந்துச் சீட்டைப் படமெடுக்கவும்" என்பது 7 செ.மீ. அகலப் பொத்தானில் நெருக்கியடித்து நிற்கும், "சீட்டைப் படமெடு" என்பது தாராளமாக நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பொத்தான்கள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மூன்று செ.மீ. அளவுதான், "முகவரியை மாற்று" அதில் அடங்காவிட்டால் பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டும். கையெழுத்து திரையெழுத்தைவிடப் பெரியது என்பதால், தாளில் இடம் பற்றாததையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். சிறிதாக எழுதியும் அடங்கவில்லை என்றால் நம்புங்கள்.

பொத்தானின் உயரத்தையும் தாளிலேயே சரிபார்க்கலாம். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டுதல் தொடுபரப்புக்குச் சொல்லும் குறைந்த அளவு திரையில் ஏறத்தாழ 9 மி.மீ. வருகிறது. தாளில் ஒரு செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பிழை வராது. விசைப்பலகைக்கு, 7 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு துண்டைத் தனியாக வெட்டி வையுங்கள். முகவரி எழுதும் இடம் வந்ததும் அந்தத் துண்டைத் திரையின் அடியில் வைத்துப் பாருங்கள். "அனுப்பு" பொத்தான் அதன் அடியில் மறைந்துபோனால், முகவரிப் பெட்டியை மேலே ஏற்ற வேண்டும் அல்லது முகவரியைத் தனித் திரையாகப் பிரிக்க வேண்டும்.

உள்நுழைவு எங்கே என்று இப்போது கேட்கலாம். மகள் சீட்டை அனுப்பும் கணம் வரை அவர் யார் என்று கடைக்குத் தெரிய வேண்டியதில்லை. அனுப்பும்போதுதான், விலை வந்ததும் தெரிவிக்க ஒரு கைப்பேசி எண் தேவை. எனவே எண் கேட்பது மூன்றாவது திரையின் கடைசியில் வருகிறது, அதைச் சரிபார்க்கும் ஓடிபி அதற்கு அடுத்து. தனியாக ஓர் உள்நுழைவுத் திரையே தேவைப்படாமல் போகலாம்.

அம்புக்குறிகள்

வரைந்த திரைகளைக் கத்தரித்து எண்ணிட்டு, தரையிலோ பெரிய மேசையிலோ பரப்புங்கள். இப்போது அம்புக்குறிகள் போட வேண்டும். அம்பு திரையின் ஓரத்திலிருந்து கிளம்பக்கூடாது, தொடப்படும் பொத்தானிலிருந்தே கிளம்ப வேண்டும். இந்தச் சிறு கட்டுப்பாட்டால் இரண்டு வகைக் குறைகள் உடனே தெரியும்: அம்பு கிளம்பாத பொத்தான்கள், பொத்தான் இல்லாமல் தானாகப் போய்ச் சேரும் திரைகள். கடைக்காரர் செய்யும் செயலால் நிகழும் மாற்றங்களுக்கு இன்னொரு நிறப் பேனாவைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது திரையில்தான் அம்புகள் அதிகம் சேரும். அதில் எழுத வேண்டியது: "கடை உங்கள் சீட்டைப் பார்க்கிறது. விலை வந்ததும் அறிவிப்பு வரும். இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்." அதோடு கடைக்கு அழைக்க ஒரு பொத்தான், ரத்து செய்ய ஒன்று. வேறு நிறத்தில் இங்கிருந்து மூன்று அம்புகள் போகின்றன. எல்லாம் சரியாக இருந்தால் ஐந்தாவது திரைக்கு. படம் தெளிவாக இல்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினால் முதல் திரைக்கு. ஆனால் வெறும் முகப்பாக அல்ல, "மருத்துவரின் கையெழுத்துப் பகுதி தெரியவில்லை" என்பது போன்ற காரணத்தோடு, ஏற்கனவே சொன்ன முகவரியும் நாள் கணக்கும் அழியாமல். மூன்றாவது அம்பு அதே திரைக்குத் திரும்பி வருகிறது: இரவு பத்து மணிக்குச் சீட்டு வந்தால், "கடை காலை 8 மணிக்குத் திறக்கும், அதன்பின் விலை வரும்" என்று வாசகம் மாற வேண்டும்.

ஐந்தாவது திரையில் ஒரு கிளை உண்டு. இரண்டு மாத்திரைகளில் ஒன்று கையிருப்பில் இல்லை என்றால், இருப்பதை மட்டும் இன்று பெறுவதா, இரண்டும் சேர்ந்து நாளை வரட்டுமா என்று மகள் முடிவெடுக்க வேண்டும். இதற்குத் தனித் திரை வேண்டாம். பட்டியலில் அந்த மருந்தின் வரிக்குக் கீழேயே இரண்டு தெரிவுகளை எழுதிவிடலாம்.

பணம் கட்டும் ஆறாவது திரையை முழுதாக வரையாதீர்கள். யூபிஐ வழியாகப் பணம் கட்டும்போது பயனர் வேறொரு செயலிக்குப் போகிறார், அது நம்முடையது அல்ல. ஒரு கோடிட்ட பெட்டியாகப் போட்டு, அதிலிருந்து திரும்பி வரும் அம்புகளை மட்டும் கவனியுங்கள். பணம் சேர்ந்தது, சேரவில்லை என்று இரண்டு அம்பு போடுவது வழக்கம். வங்கியில் பணம் கழிந்து, கடைக்கு வர வேண்டிய தகவல் தாமதமாகும் மூன்றாவது நிலையும் உண்டு. அந்த அம்பு போய்ச் சேரும் இடத்தில், மீண்டும் பணம் கட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும் வாசகம் இருக்க வேண்டும்.

பிழைகளை வரைவதற்கு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இணையம் துண்டிப்பு, தவறான எண், சேமிப்பிடம் நிறைந்துபோதல் என்று எல்லாவற்றையும் வரையத் தொடங்கினால் பாதை கண்ணிலிருந்து மறைந்துவிடும். அடுத்த திரை எது என்பதையே மாற்றும் பிழைகள் மட்டும் தாளில் வரட்டும், மற்றவற்றுக்கு ஒரு பட்டியல் போதும்.

ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தல்

வீட்டில் பெரியவர்களுக்கு மாத மருந்து வாங்கிக் கொடுக்கும் மூன்று நான்கு பேரிடம் இந்தத் தாள்களைக் காட்டுங்கள். சக வடிவமைப்பாளர்களிடம் காட்டுவது இதற்கு ஈடாகாது. உங்களுக்கு ஒரு துணையாள் தேவை: ஒருவர் கணினியாக நடித்து, தொட்ட பொத்தானுக்கு ஏற்ற திரையை எடுத்து வைக்க வேண்டும்; மற்றவர் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். கணினியாக இருப்பவர் பேசக்கூடாது. "இங்கே தொடுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டாலும் அந்தச் சோதனையில் அதன்பின் தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது.

பணியைச் சொல்லும்போது திரையில் உள்ள சொற்களைப் பயன்படுத்தாதீர்கள். "சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள்" என்று சொன்னால், பொத்தானில் உள்ள சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாகிவிடும். "அம்மாவுக்கு மாத்திரை தீரப்போகுது, இந்தச் சீட்டு உங்க கையில இருக்கு, என்ன செய்வீங்க?" என்று கேட்டு, ஒரு மாதிரிச் சீட்டையும் கையில் கொடுங்கள்.

நான்காவது திரை வந்ததும் தாளை அவரிடமிருந்து வாங்கிவிட்டு, ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேசுங்கள். பிறகு, அறிவிப்புபோல் ஒரு சீட்டை நீட்டுங்கள். அதில் "விலை வந்துவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால், "எதுக்கு?" என்று சிலர் கேட்பதைப் பார்க்கலாம். "அம்மாவின் மருந்து: 2 வகை மாத்திரை, ரூ. 212. பார்த்துப் பணம் கட்டவும்" என்று இன்னொரு சீட்டை எழுதி அடுத்தவரிடம் நீட்டிப் பாருங்கள். காத்திருப்பை இப்படிப் போலியாகவாவது நிகழ்த்தாமல் ஏழு திரைகளையும் ஒரே மூச்சில் காட்டினால், எல்லோரும் தடுமாறாமல் முடித்துவிடுவார்கள், ஆனால் அந்த முடிவை நம்ப முடியாது.

குறித்துக்கொள்ள வேண்டியவை சில: கை எங்கே தயங்கி நிற்கிறது, பொத்தான் இல்லாத எதை அவர் தொடுகிறார், எதை உரக்கக் கேட்கிறார். மருந்தின் பெயரையே ஒருவர் தொட்டால், அதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள எதிர்பார்க்கிறார் என்று பொருள். திரை இல்லாத இடத்துக்குப் போனால், அங்கேயே ஸ்டிக்கி நோட்டில் ஒரு திரையைக் கிறுக்கி வைத்துவிட்டுத் தொடருங்கள். "நல்லா இருக்கு" என்ற பாராட்டைக் குறித்துக்கொள்ள வேண்டாம்.

தாள் சொல்லாதவையும் உண்டு. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும் பழக்கம், மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படம் எவ்வளவு தெளிவாக வரும், வயதானவர் கண்ணுக்கு எழுத்தளவு போதுமா, மெதுவான கைப்பேசியில் படம் ஏற எவ்வளவு நேரமாகும் என்பவற்றைத் தாளில் சோதிக்க முடியாது. அவற்றுக்கு இங்கே விடை தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எப்போது நிறுத்துவது, எதை எடுத்துச் செல்வது

புதிதாக வரும் ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை போகும்போது புதிய அம்பு எதுவும் தேவைப்படாமல், சொல் திருத்தங்கள் மட்டும் மிஞ்சினால் தாள் வேலை முடிந்தது. அம்புகள் இன்னும் மாறிக்கொண்டிருந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் மென்பொருளைத் திறக்க வேண்டாம்.

எல்லாத் தாள்களையும் பரப்பியபடியே மேலிருந்து ஒரு படம் எடுத்து, ஃபிக்மா கோப்பின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். 360-க்கு 800 என்ற அளவில் சட்டகங்களை உருவாக்கி, தாளில் இருக்கும் அதே எண்களைப் பெயராகக் கொடுங்கள். கடைக்காரர் தாளைக் காட்டி "நாலாவதுல ஒரு மாத்தம்" என்று சொன்னால், தேடாமல் போய்ச் சேரலாம். தாளில் உள்ளதை அச்சு அசலாகப் படியெடுக்க வேண்டாம், வரிசையும் சொற்களும் முடிவுகளும்தான் அங்கிருந்து வர வேண்டியவை. முகப்பில் தொடங்காமல் ஐந்தாவது திரையில் தொடங்குங்கள். அதிக எழுத்தும் எண்ணும் அதில் இருப்பதால், எழுத்தளவும் இடைவெளிகளும் அங்கே சரியாக அமைந்தால் மற்றத் திரைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நான்காவது திரையில் மகள் காத்திருக்கும் அந்த நேரத்தில், கடைக்காரர் முன்னால் ஒரு திரை இருக்கிறது. சீட்டைப் பெரிதாக்கிப் பார்க்கவும், மருந்தின் பெயரை உள்ளிடவும், தெளிவில்லை என்று திருப்பி அனுப்பவும் அவருக்கு இடம் வேண்டும். கல்லாவில் ஆட்கள் நிற்கும்போது ஒரு கையால் செய்ய வேண்டிய வேலை அது. வேறு நிறத்தில் போட்ட அம்புகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஃபிக்மாவில் மகளின் பக்கம் உருவாகத் தொடங்கும்போதே, அந்த அம்புகளை மட்டும் பார்த்து எழுதிய ஒரு புதிய வாக்கியத்தோடு, கடைக்காரரின் பாதைக்கான அடுத்த தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.